சாலைப் பள்ளம் காட்டிய ஆறு அடுக்கு

பண்ணைக்குட்டை வெட்ட பொக்லைன் வண்டிக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். அறுபது அடி நீளம், நாற்பது அடி அகலம், பத்தடி ஆழம் என்று கணக்கு. மீஞ்சூர் பக்கம் ஆழ்துளைக் கிணற்றை நம்பி விவசாயம் செய்கிறவர்களுக்கு உப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நல்ல மழைத் தண்ணீரை நிலத்திலேயே பிடித்து வைத்தால் தை, மாசி வரைக்கும் காய்கறிக்குத் தாங்கும் என்பது என் எண்ணம்.

வண்டி வருவதற்கு நாலு நாள் முன்பு, எங்கள் ஊருக்குப் பிரிகிற கிளைச் சாலையில் சிறுபாலம் கட்டப் பள்ளம் எடுத்தார்கள். நம்ம பக்கம் மலை, மேடு எதுவும் கிடையாது. கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் கொண்டுவந்து போட்ட சமவெளி. அதனால் மேற்கு மாவட்டங்களில் பார்க்கிற மாதிரி உயரமான சாலை வெட்டு இங்கே கிடைக்காது. இந்த மாதிரிப் பள்ளம் தோண்டினால்தான் உண்டு. ஏழடி ஆழம், என் நிலத்திலிருந்து இருநூறு மீட்டர் தூரம். வேடிக்கை பார்க்க நின்றவன், அந்த மண் சுவரைப் பார்த்ததும் வண்டிக்காரருக்குப் போன் செய்து ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னேன்.

அந்தச் சுவரின் படம்தான் இந்தக் கட்டுரையோடு இருப்பது. அதில் என்ன தெரிகிறது, அதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை எழுதுகிறேன். நான் நிலவியல் படித்தவன் இல்லை. ஆனால் குட்டை வெட்டுவதற்கு முன் மண்ணடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க பட்டம் தேவையில்லை, பொறுமை போதும்.

படம் எடுப்பதற்கு முன்

பொக்லைன் வாளி தோண்டும்போது சுவரை அப்படியே இழுத்துப் பூசிவிடும். மேலே இருக்கிற களி கீழே இருக்கிற மணல் மீது அப்பிக்கொள்ளும். அந்த நிலையில் படம் எடுத்தால் எல்லாம் ஒரே சேற்று நிறமாகத்தான் தெரியும். வேலை செய்தவர்களிடம் சொல்லிவிட்டு, சரிவாக வெட்டிய பக்கமாக இறங்கி, ஒரு கெஜ அகலத்துக்குச் சுவரை மேலிருந்து கீழாக மண்வெட்டியால் மெல்லச் சீவிவிட்டேன். அப்போதுதான் அடுக்குகள் பிரிந்து தெரிந்தன.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். செங்குத்தாக வெட்டிய ஆழமான பள்ளத்தில் யாரும் இறங்காதீர்கள். கீழே மணல் அடுக்கு இருந்தால் அது உதிர்ந்து மேலே இருக்கிற களி மொத்தமாகச் சரியும். இறங்க வழியில்லை என்றால் எதிர்க்கரையில் நின்று படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அளவு நாடா ஒன்றை மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டேன். படத்தில் இடது பக்கம் தெரியும் மஞ்சள் கோடு அதுதான். நாடா இல்லாத படத்தில் தடிமனைச் சொல்லவே முடியாது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் குத்தி வைத்தேன். போன் கேமரா நிறத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றும். வெள்ளைத் தாள் படத்தில் மஞ்சளாகத் தெரிந்தால் மண்ணின் மஞ்சளையும் நம்பக் கூடாது. நேர் வெயிலில் ஒரு பக்கம் பளிச்சென்றும் ஒரு பக்கம் நிழலாகவும் விழும் என்பதால், சுவர் முழுக்க நிழலில் இருந்த நேரம் பார்த்து எடுத்தேன். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு கைப்பிடி மண் எடுத்து, மேலிருந்து எத்தனை செ.மீ. என்று எழுதித் தனித்தனிப் பையில் போட்டுக்கொண்டேன்.

நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். இடது பத்தியில் கண்ணால் பார்த்தது: நிறம், தடிமன், கைக்குத் தெரிகிற பதம். வலது பத்தியில் அது எப்படி வந்திருக்கலாம் என்ற ஊகம். வலது பத்தியில் எழுதுவதை எல்லாம் பென்சிலில்தான் எழுதுவது என்று முடிவு. அது எவ்வளவு நல்ல முடிவு என்று பின்னால் தெரிந்தது.

மேலிருந்து கீழே

முதல் அடுக்கு 25 செ.மீ. செங்கல் துண்டு, ஜல்லி, சாம்பல் நிறத்தில் நைசான தூள், ஒரு பிளாஸ்டிக் பை. இதில் ஊகிக்க ஒன்றுமில்லை, சாலை போட்டபோது கொட்டிய மண். ஆனால் இதன் அடிக்கோட்டைக் கவனியுங்கள். கத்தியால் வெட்டியது போல இருக்கிறது. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றில் ஒன்று கலக்கவே இல்லை. இயற்கையாகப் படிந்த மண்ணிலும் இப்படிக் கூர்மையான கோடு வரலாம். ஆனால் கோட்டுக்கு மேலே செங்கல்லும் கீழே நெல் தாளின் கட்டையும் இருந்தால் சந்தேகம் வேண்டாம். பழைய வயல் மட்டம் அந்தக் கோடுதான். நம் நிலத்தோடு ஒப்பிட வேண்டுமானால் அங்கிருந்துதான் ஆழத்தைக் கணக்குப் போட வேண்டும்.

இரண்டாவது 17 செ.மீ. சாம்பல் கலந்த பழுப்பு. வேர்கள் நிறைய. பழைய வேர் போன வழியெல்லாம் துரு நிறத்தில் மெல்லிய கோடுகள். நெல் வயலில் இது எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் நிற்கும்போது மண்ணில் காற்று இருக்காது, இரும்புச்சத்து கரைந்து நகரும். நெல் வேர் தன் வழியாகக் கொஞ்சம் காற்றைக் கீழே கொண்டு போகும். அந்தக் காற்று பட்ட இடத்தில் இரும்பு துருவாகப் படியும். இது உழவு மண்.

மூன்றாவது வெறும் 8 செ.மீ. நிறம் மேலே இருப்பது மாதிரியேதான். ஆனால் விரலால் குத்தினால் இறங்காது. உடைத்தால் தட்டுத் தட்டாகப் பெயரும். வருஷக்கணக்கில் சேறடித்து, மாடும் பிறகு டிராக்டரும் மிதித்து இறுகிய அடிப்பத்தை. நிறத்தை மட்டும் பார்த்திருந்தால் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாகவே சேர்த்திருப்பேன். படத்திலும் வித்தியாசம் தெரியாது. கை வைத்தால்தான் தெரியும்.

நான்காவது 65 செ.மீ. கருஞ்சாம்பல் களி. ஈரத்தில் உருட்டினால் நீளமாக நாடா போல வருகிறது. மேலிருந்து கீழாக வெடிப்புகள், வெடிப்பின் முகம் எண்ணெய் பூசியது போலப் பளபளக்கிறது. மழையில் உப்பி, கோடையில் சுருங்கி ஒன்றோடொன்று உராய்வதால் வரும் பளபளப்பு அது. கீழ்ப்பாதியில் பட்டாணி அளவில் வெள்ளைக் கட்டிகள். வெள்ளையாக எது தெரிந்தாலும் உப்பு என்று பயப்படுகிற ஊர் எங்களுடையது. கட்டியை உடைத்துத் தண்ணீரில் போட்டேன், கரையவில்லை. பொடித்து அதன் மேல் வினிகர் விட்டேன், பொங்கி நுரைத்தது. ஆக அது உப்பு இல்லை, சுண்ணாம்புச் சுக்கான்.

ஐந்தாவதுதான் என்னை நிறுத்தியது. மஞ்சள் பழுப்பு மணல். படத்தின் இடது ஓரத்தில் 50 செ.மீ. தடிமன். அதே மணல் வலது பக்கம் போகப் போக மெலிந்து 10 செ.மீ. ஆகிவிடுகிறது. அடியில் பருமணல், சிறு கூழாங்கற்கள். மேலே வரவரக் குறுமணல். உற்றுப் பார்த்தால் உள்ளே சாய்வான கோடுகள்.

ஆறாவது, பள்ளத்தின் அடிவரைக்கும் 45 செ.மீ. தெரிந்தது. அதற்குக் கீழேயும் இருக்கும். நீலச் சாம்பல் களி, ஈரமாக, வழுவழுப்பாக. பெயர்த்து எடுத்தபோது அழுகிய முட்டை வாடை. அங்கங்கே கிளிஞ்சல் துண்டுகள். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் பார்த்தால் வெளிப்பக்கம் பழுப்பாக மாறியிருந்தது, உடைத்துப் பார்த்தால் உள்ளே இன்னும் நீலம். மண்ணில் இருக்கும் அதே இரும்பு, காற்றில்லாமல் கிடந்தால் நீலச் சாம்பல், காற்று பட்டால் பழுப்பு. அதனால் இந்த நீலம் மண் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவில்லை. அந்த ஆழத்தில் பெரும்பாலும் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது.

நான் செய்த தவறு

படத்தில் நான்காவது அடுக்கின் அடியில், மணலைத் தொடும் இடத்தில், நாலு விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை தெரிகிறது பாருங்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். பழைய காலத்தில் இங்கே கோரைப்புல் சதுப்பு இருந்திருக்கிறது, அது மக்கிப் புதைந்த மண் இது என்று வலது பத்தியில் எழுதினேன். இரண்டு நண்பர்களுக்குப் படத்தையும் அனுப்பினேன்.

பையிலிருந்த அந்த மண்ணைத் தட்டில் போட்டு வெயிலில் காயவைத்தேன். சாயங்காலம் பார்த்தால் மேலே இருக்கிற களியின் அதே சாம்பல் நிறம். பக்கத்தில் வைத்தால் எது எது என்று அடையாளம் சொல்ல முடியவில்லை. மக்கிய மண்ணாக இருந்தால் காய்ந்த பிறகும் கறுப்பு நிற்கும். இது வெறும் ஈரத்தின் கறுப்பு.

ஆனால் அந்த ஈரம் ஏன் அங்கே மட்டும்? நைசான களிக்குக் கீழே பருமணல் இருந்தால் தண்ணீர் சட்டென்று கீழே இறங்கிவிடும் என்றுதான் நினைப்போம். நடப்பது வேறு. களியின் நுண்ணிய துளைகள் தண்ணீரை இறுகப் பிடித்து வைத்திருக்கும். மணலின் பெரிய துளைகளுக்கு அதைப் பிடுங்கிக்கொள்ளும் சக்தி கிடையாது. களியின் அடிப்பகுதி கிட்டத்தட்ட முழுக்க நிறைந்த பிறகுதான் சொட்டு கீழே இறங்கும். அதனால் எல்லைக்கோட்டில் ஈரம் தங்கும். ஆக கறுப்புப் பட்டை எனக்கு ஒரு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, நான்தான் வேறு கதையாகப் படித்தேன். வலது பத்தியை அழிரப்பர் கொண்டு அழித்தேன்.

இப்படித் தவறாகப் படித்தது நான் மட்டுமில்லை என்று ஒரு ஆறுதல். நம்ம கொசஸ்தலை ஆற்றோடு மேற்கே போனால், இதே திருவள்ளூர் மாவட்டத்தில் அதிரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகள் கண்டெடுத்த இடம். அங்கே மெல்லிய வரிகளாகப் படிந்த தடிமனான களி அடுக்கு ஒன்று உண்டு. நீண்ட காலம் அதை, மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைக்களி என்றே கருதிவந்தார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். 1999-லிருந்து சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழாய்வு செய்தபோது, அந்தக் களிக்குள்ளேயே மனிதன் செய்த கற்கருவிகள் வந்தன. மனிதக் கருவி உள்ளே கிடக்கிற மண், மனிதனுக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆறு நிதானமாகப் பரப்பிய வெள்ளக்களி அது என்று தெளிவானது. அந்தக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியிட்டார்கள். நிறத்தையும் சாயலையும் வைத்துச் சொன்ன வயது அவ்வளவு தூரம் தப்பியது. உள்ளே கிடந்த பொருள்தான் வழக்கைத் தீர்த்தது.

மணல் எப்படி வந்திருக்கும்?

இதற்கு நம் கண்முன்னே சாட்சி இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை வயல் ஒன்றில் ஒரு சாண் உயரத்துக்கு மணல் ஏறிக் கிடந்ததைப் பார்த்தேன். அதை வெட்டி அப்புறப்படுத்தும்போது பக்கவாட்டில் பார்த்தால் அடியில் பருமணல், மேலே குறுமணல், எல்லாவற்றுக்கும் மேலே விரல்கடை உயரத்துக்கு வண்டல். வெள்ளம் வேகமாக வரும்போது கனமானது முதலில் தங்குகிறது. வேகம் குறையக் குறைய நைசானது மேலே படிகிறது. சாலைப் பள்ளத்தின் ஐந்தாவது அடுக்கும் அதே வரிசையில் இருக்கிறது. ஆகவே ஓடுகிற தண்ணீர் போட்ட மணல் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

எந்த ஆறு, எத்தனை வெள்ளம் என்பதில்தான் தயக்கம். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிவதால், இது பழைய வாய்க்கால் தடத்தின் ஓரமாக இருக்கலாம். கரை உடைந்து வயலில் பாய்ந்த ஒரே வெள்ளத்தின் நாக்காகவும் இருக்கலாம். பழைய காலத்தில் பாலாறே இந்த வழியாக ஓடிக் கடலில் கலந்தது என்று நிலவியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதற்காக என் ஊர்ப் பள்ளத்தில் கண்ட 50 செ.மீ. மணலைப் பாலாற்று மணல் என்று சொல்லிவிட முடியாது.

தடிமனை வைத்துக் காலம் கணக்கிடவும் கூடாது. 50 செ.மீ. மணல் ஒரே ராத்திரியில் வரலாம். அதற்கு மேலே இருக்கிற 65 செ.மீ. களி நூற்றுக்கணக்கான வருஷ வெள்ளத்தில் மெல்ல மெல்ல ஏறியிருக்கலாம். நடுவில் படிந்த மண்ணைப் பின்னால் வந்த வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருக்கவும் கூடும். தேதி போடாத, நடுவில் தாள் கிழிந்த பேரேடு இது. இருக்கிற வரியைப் படிக்கலாம், மொத்தம் போட முடியாது.

நீலக் களியும் உப்பும்

ஆறாவது அடுக்கு மண்ணை ஒரு பங்கு எடுத்து, ஐந்து பங்கு மழைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்கித் தெளியவைத்து, மின் கடத்துதிறன் அளக்கும் பேனாக் கருவியால் பார்த்தேன். 2.1 டெசிசீமன்ஸ் காட்டியது. நான்காவது அடுக்கு மண்ணை அதே மாதிரி கரைத்தால் 0.3. ஏழு மடங்கு வித்தியாசம். இது சந்தேகமில்லாமல் இடது பத்தி.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? மூன்று வழி தெரிகிறது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைய அளவிலோ சற்று உயர்ந்தோ இருந்தது. பழவேற்காடு ஏரி போன்ற உப்பங்கழி அப்போது இன்னும் உள்ளே வரைக்கும் பரவியிருக்கலாம். அப்படியானால் இந்தக் களியும் கிளிஞ்சலும் அதன் அடி வண்டலாக இருக்கலாம், உப்பு அப்போதே சேர்ந்தது. இரண்டாவது வழி புதியது. மீஞ்சூர் மணல் படுகையிலிருந்து சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் விவசாயத்துக்கும் தண்ணீர் இறைத்ததில், 1960களின் இறுதியிலிருந்தே கடல் நீர் நிலத்தடியில் உள்ளே வருவது தெரியும். மூன்றாவது, கோடையில் கழிமுகத்து ஓடைகள் வழியாக ஏறுகிற உவர் நீர்.

கிளிஞ்சலை வைத்து முதல் வழிதான் என்று சொல்லிவிடலாமா? அதிலும் கவனம் வேண்டும். எண்ணூர், பழவேற்காடு பக்கத்திலிருந்து சுண்ணாம்பு சுடுவதற்குக் கிளிஞ்சல் கொண்டுபோவது பழைய வழக்கம். மனிதர் கொட்டியதாக இருந்தால் ஓட்டின் பாதிகள் தனித்தனியாக, உடைந்து, குவியலாகக் கிடக்கும். அங்கேயே வாழ்ந்து செத்த பூச்சியாக இருந்தால் இரண்டு பாதியும் மூடியபடி சேர்ந்து இருக்க வாய்ப்பு. நான் எடுத்த ஒன்பதில் இரண்டு சேர்ந்திருந்தன. அதுவும் ஏழடி ஆழத்தில், கலையாத களிக்குள். அதனால் அங்கேயே வாழ்ந்தவை என்று நினைக்கிறேன். ஆனால் நல்ல தண்ணீர் ஏரியிலும் கிளிஞ்சல் உண்டு. எந்த இனம் என்று தெரிந்தவர் பார்த்துச் சொல்லும்வரை அது பென்சிலில்தான் இருக்கும்.

இதில் எனக்குப் புரிந்த பெரிய விஷயம், குட்டைக்காரனுக்கு இந்தக் கேள்விக்கு விடை தேவையில்லை என்பதுதான். உப்பு ஆறாயிரம் வருஷப் பழையதோ ஐம்பது வருஷப் புதியதோ, அந்தக் களிவரை தோண்டினால் குட்டைத் தண்ணீர் உப்பாகும்.

இருநூறு மீட்டர் தள்ளி என்ன?

பத்தடி வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாலை மண்ணைக் கழித்துவிட்டு வயல் மட்டத்திலிருந்து கணக்குப் போட்டால், மூன்றடியில் மணல் ஆரம்பம், நாலரை அடிக்கு மேல் நீலக் களி. பிடித்த மழைத் தண்ணீர் மணல் வழியே பக்கவாட்டில் போகும். கோடையில் கீழிருந்து உப்பு ஊறும்.

ஆனால் இது சாலைப் பள்ளத்தின் கணக்கு. மணலே பத்தடி தூரத்துக்குள் 50 செ.மீ.யிலிருந்து 10 ஆகக் குறைகிறதென்றால், இருநூறு மீட்டர் தள்ளி அது இருக்குமா என்பதை எந்தப் படமும் சொல்லாது. பக்கத்து நிலத்துப் பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது வாய்க்கா மணலு சார். உங்க நெலத்துல கெழக்கு மூலையில ஓடும். மேக்கால போனா களிதான், தண்ணிய விடாது" என்றார். "எப்படிங்க ஐயா சொல்றீங்க?" என்றேன். "கெழக்கு மூலையில தண்ணி கட்டினா காலைல நிக்காதே சார், நீங்க பாக்கலையா?" என்றார். நான் பார்த்திருந்தேன். எலி வளை என்று நினைத்து அடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னதைச் சரிபார்க்க, கையால் சுழற்றும் மண் துளைப்பான் ஒன்றை வாடகைக்கு எடுத்து மூன்று துளை போட்டோம். கிழக்கு மூலையில் 95 செ.மீ. ஆழத்தில் மணல், 30 செ.மீ. தடிமன். நடுவில் அதே ஆழத்தில் மணல் வெறும் 12 செ.மீ. மேற்கில் மணலே இல்லை. கருஞ்சாம்பல் களி 190 செ.மீ. வரைக்கும் தொடர்ந்து போய், அதற்குக் கீழே நீலக் களி. ஒவ்வொரு பத்து செ.மீ. மண்ணையும் சாக்கின் மேல் வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

முடிவு தானாக வந்தது. குட்டை மேற்குக்கு மாறியது. ஆழம் பத்தடியிலிருந்து நாலரை அடியாகக் குறைந்தது. அப்படியென்றால் குட்டைத் தரைக்கும் நீலக் களிக்கும் நடுவில் ஒன்றே முக்கால் அடி நல்ல களி மீதி இருக்கும். கொள்ளளவு குறையாமல் இருக்க நீளத்தைத் தொண்ணூறு அடியாகவும் அகலத்தை அறுபதாகவும் கூட்டினேன். கரைச் சரிவைக் கழிக்காமல் பார்த்தால் பழைய கணக்கு 24,000 கன அடி, புதியது 24,300. இதற்கு விலை உண்டு. நிலம் இரண்டு மடங்குக்கு மேல் போனது. பரப்பு அகலமானதால் வெயிலில் ஆவியாகிற தண்ணீரும் அந்த அளவுக்குக் கூடும். வெடிப்பு விடுகிற களி என்பதால், கோடையில் தரை முழுக்கக் காயவிடாமல் கொஞ்சம் தண்ணீர் நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த மழையின் முதல் தண்ணீர் வெடிப்பு வழியாக இறங்கிவிடும்.

குட்டை ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அடியில் கல் போட்டு, குட்டைக்குள்ளேயே முக்கால்வாசி மூழ்கும்படி நிறுத்துங்கள். தொட்டியிலும் குட்டையிலும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியில் குறைவது வெயில் எடுத்தது. குட்டையில் அதைவிட எவ்வளவு கூடுதலாகக் குறைகிறதோ அதுதான் ஒழுகல். மழை பெய்யாத, தண்ணீர் இறைக்காத நாட்களில் பார்க்க வேண்டும். தை மாதம் பத்து நாள் பார்த்ததில் தொட்டியில் 5 செ.மீ., குட்டையில் 7. ஆக பத்து நாளுக்கு 2 செ.மீ. ஒழுகல். பிளாஸ்டிக் விரிப்பு இல்லாத மண் குட்டைக்கு எனக்கு இது போதும். தண்ணீரின் உப்பை மாதம் ஒருமுறை பேனாக் கருவியால் பார்த்து எழுதுகிறேன். மாசி கடைசிவரை ஏறவில்லை. ஒரு வருஷக் கணக்கு இது, சித்திரை, வைகாசியையும் பார்த்த பிறகுதான் பேனாவால் எழுதுவேன்.

சிறுபாலம் கட்டி முடித்துப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் போனால் சிமெண்ட் சுவர்தான் தெரியும். உங்கள் ஊரில் பாலத்துக்கோ வாய்க்காலுக்கோ குழாய்க்கோ பள்ளம் எடுத்தால் ஒரு அளவு நாடாவோடு போய்விடுங்கள். மூடுவதற்கு இரண்டு நாள்தான் இருக்கும்.